இடையில் காலி செய்தால் திருப்பித் தரும் உள்வேலைச் செலவு: என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர், கிருஷ்ணகிரி

வணக்கம். ஓசூரில் ஒரு பயிற்சி மையத்தின் வாடகை ஒப்பந்தத்தைத் தமிழாக்குகிறேன். தடுப்பு, மின்வேலை, ஏசி எல்லாவற்றுக்கும் கட்டட உரிமையாளர் 6 லட்சம் போட்டிருக்கிறார். அதை 12% வட்டியோடு 60 மாத வாடகையில் சேர்த்து வசூலிக்கிறார். நடுவில் காலி செய்தால் மீதியைத் தர வேண்டும். அந்தப் பணத்துக்கு 'மேம்பாட்டு மானியம்' என்று போட்டிருக்கிறேன். மீதிக்குச் சொல் அமையவில்லை.

ஆசிரியர், தர்மபுரி

மானியம் என்றால் திருப்பித் தர வேண்டாம் என்றாகிவிடும். 'முன்பணம்' போதுமே. மூன்று வருடத்தில் காலி செய்தால் மாதம் 10,000 வீதம் 24 மாதத்துக்கு 2,40,000. அது 'வாடகை நிலுவை'.

கணக்காளர், ஓசூர்

மானியம் பற்றி ஐயா சொன்னது சரி. முன்பணம் மட்டும் வேண்டாம். நம் பக்கம் அட்வான்ஸ் என்றால் வாடகைக்கு வருபவர் கொடுப்பது. இது எதிர்த்திசையில் போகும் பணம். கடைசியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது எது யாருடையது என்றே தகராறு வரும்.

கணக்கும் அப்படி வராது. வட்டியோடு சமத் தவணை என்றால் மாதம் சுமார் 13,347. பிந்திய தவணைகளைவிட ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம், அசல் மெதுவாகத்தான் கரையும். 36 மாதம் கட்டிய பிறகும் அசல் சுமார் 2,83,500 நிற்கும். சில உரிமையாளர்கள் மீதி 24 தவணையையும் அப்படியே கூட்டி 3,20,300 கேட்கிறார்கள். இன்னும் ஓடாத மாதங்களின் வட்டியும் அதில் சேர்ந்துவிடுகிறது. எந்தத் தொகை என்று ஒப்பந்தத்தோடு ஒரு அட்டவணை இணைத்தால்தான் தெளிவு.

'நிலுவை' என்று எழுதினால் தவணை தவறியவர் என்று பொருள்படும்; தாமத அபராத விதியும் அதன்மேல் பாயலாம். ஒழுங்காகக் கட்டியவருக்கு அது அநியாயம். என் யோசனை: பணத்துக்கு 'உள்வேலைத் தொகை', மீதிக்கு 'கழியா உள்வேலைத் தொகை'.

பேக்கரிக்காரர், தர்மபுரி

எனக்கும் இதே கதை சார். டைல்ஸ், ஷட்டர் எல்லாம் நானே போட்டேன். காலி செய்தபோது ஓனர் ஒரு ரூபாய் தரவில்லை. இந்தக் கழியாத் தொகையை நான் கேட்கலாமா?

கணக்காளர், ஓசூர்

அது வேறு அண்ணா. இங்கே செலவு செய்தவர் உரிமையாளர். உங்கள் ஒப்பந்தத்தில் ஈடு தருவதாக வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டப்படி, பொருத்தியதைக் காலி செய்யும் முன் கழற்றிக்கொண்டு போகலாம். இடத்தை இருந்த நிலையில் விட வேண்டும், ஒப்பந்தம் வேறாகச் சொல்லாதிருக்க வேண்டும். ஷட்டர் கழலும், டைல்ஸ் எங்கே கழலும்?

ஆசிரியர், தர்மபுரி

'கழியா' கவிதைபோல் இருக்கிறது. 'தீராத' என்றால் கடைக்காரருக்கும் புரியும். அப்புறம், அடுத்த மாதமே புதியவர் அதே தடுப்பு, ஏசியோடு கூடுதல் வாடகைக்கு வந்துவிட்டால்? பழையவரிடம் முழு மீதியும் வாங்குவது ஒரே செலவை இரண்டு முறை வாங்குவதாகாதா?

கணக்காளர், ஓசூர்

நியாயமான கேள்வி. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மீறினால் தர வேண்டும் என்று எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும். ஆனால் இந்த மீதியை ஈடு என்று பார்ப்பதா, கொடுத்த கடன் என்று பார்ப்பதா என்பதில்தான் வழக்கு நிற்கும். அதனால்தான் சொல்லில் 'கடன்' வராமல் பார்த்தேன்.

மொழிபெயர்ப்பாளர், கிருஷ்ணகிரி

'உள்வேலைத் தொகை' எடுத்துக்கொள்கிறேன். அட்டவணையும் கேட்டு வாங்குகிறேன். 'கழியா', 'தீராத' இரண்டையும் வரைவில் வைத்து, இரு தரப்பிடமும் வாசித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன்.