புதுப்பிப்பு: அண்ணனின் சின்னம்மை, அரிப்பு, இருமல்

“அண்ணனுக்குச் சின்னம்மை. அரிப்பில் தூக்கமே இல்லை, காய்ச்சலுக்கு என்ன கொடுப்பது?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அண்ணன் தேறிவிட்டார்.

ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும், கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள் என்று செவிலியர் ஒருவர் சொன்னபடியே செய்தோம், அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினார்கள். இன்னொருவர் சொன்ன கலமைன் லோஷன் பகலில் தாங்கியது, இரவில் இல்லை. வெதுவெதுப்பான நீரில் குளித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மருத்துவர் தந்த அரிப்பு மாத்திரையும் போட்ட பிறகுதான் தூங்கினார்.

எதிர்பாராதது, கொப்புளங்கள் காயும் முன்பே வந்த வறட்டு இருமல். அப்புறம் படியேறினாலே மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் நுரையீரலெங்கும் சிறு புள்ளிகள், சின்னம்மை நுரையீரலையும் தாக்கியிருந்தது. அண்ணன் புகைபிடிப்பவர், அவர்களுக்கு இந்த ஆபத்து அதிகமாம். மருத்துவமனையில் சேர்த்து அசைக்ளோவிரை நரம்பு வழியாக ஏற்றினார்கள். மூச்சு வாங்கினால் அன்றே போய்விடுங்கள். இருமல் இன்னும் முழுதாக நிற்கவில்லை.