கசகஸ்தானை எந்தக் கண்டத்தில் போடுவது?

வாவிக்கரையான்: எங்கள் வாசிகசாலை வினாவிடைப் போட்டிக்குக் கேள்வி எழுதிக்கொண்டிருக்கிறேன். கசகஸ்தான் ஆசிய விளையாட்டு விழாவுக்கும் போகுது, உதைபந்தாட்டத்தில் ஐரோப்பாவோடயும் விளையாடுது. விடை எதை எழுத?

கல்முனைப் பொடியன்: இதென்ன பெரிய கேள்வி மச்சான். நிலம் எந்தப் பக்கம் கூடவோ அதுதான் கண்டம். ஆசியா. முடிந்தது.

புவியியல் சேர்: விடை சரி தம்பி, காரணம் பிழை. ரஷ்யாவின் நிலத்தில் முக்கால்வாசி ஆசியாவில் கிடக்கு, ஆனால் மொஸ்கோவும் சனத்தில் பெரும்பகுதியும் யூரல் மலைக்கு மேற்கே, அதனால் ஐ.நா. புள்ளிவிபரப் பட்டியல் முழு நாட்டையும் கிழக்கு ஐரோப்பாவில்தான் வைத்திருக்கு. அந்தப் பட்டியல் ஒரு நாட்டை இரண்டாக வெட்டாது, ஒரு பெட்டிக்குள் போட்டே ஆகவேண்டும், கசகஸ்தானுக்குக் கிடைத்தது மத்திய ஆசியா. இதெல்லாம் கணக்கு வசதிக்குத்தான் என்று அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

கல்முனைப் பொடியன்: அப்ப உதைபந்து? சும்மாவா சேர்த்தார்கள்?

புவியியல் சேர்: 2002இல் ஆசியச் சம்மேளனத்தை விட்டு ஐரோப்பியச் சம்மேளனத்துக்கு மாறினார்கள், யூரல் ஆற்றுக்கு மேற்கே கொஞ்ச நிலம் இருப்பது அதற்கு ஒரு சாட்டு. ஐரோப்பாவில் ஒரு சாண் நிலம்கூட இல்லாத இஸ்ரேலும் அங்கேதான் விளையாடுது. பந்தை வைத்துக் கண்டம் பார்க்காதீங்க.

ஏறாவூர் உம்மா: சேர், என்ட மகள் பரீட்சையில ஐரோப்பாவின் உயர்ந்த மலை மொன்ட் பிளாங் என்று எழுத, எல்பிரஸ் என்று சொல்லிப் புள்ளியை வெட்டிட்டாங்க. அது ரஷ்யாவில்தானே, ரஷ்யா ஐரோப்பா என்றால் வெட்டினது சரியா?

வாவிக்கரையான்: ராத்தா, நான் கேட்டது கசகஸ்தான் 😅

புவியியல் சேர்: இரண்டும் ஒரே சிக்கல்தான். மகளே, நாடு எந்தப் பட்டியலில் என்பது மலைக்குப் பொருந்தாது, கோடு எங்கே ஓடுது என்றுதான் பார்க்கவேண்டும். யூரல் மலை வழியாக இறங்கி, யூரல் ஆற்றோடு கஸ்பியன் கடல் வரை பெரிய சண்டை இல்லை. அங்கிருந்து கருங்கடலுக்குப் போகத்தான் வழக்கு. கோகசஸ் மலையின் நீர்பிரி முகட்டைப் பிடித்தால், எல்பிரஸ் முகட்டுக்குக் கொஞ்சம் வடக்கே நிற்பதால் ஐரோப்பா, 5,642 மீற்றர், மகளுக்குப் பிழை. முகட்டை விட்டு அதற்கும் வடக்கே கூமா-மானிச் பள்ளத்தாக்கைப் பிடித்தால் எல்பிரஸ் ஆசியாவுக்குப் போய்விடும், மகள் சரி. இப்போது கூடுதலான வரைபடங்கள் முகட்டைத்தான் போடுகின்றன. ஆனாலும் கோட்டைச் சொல்லாமல் அந்தக் கேள்வி கேட்டதே பிழை.

கல்முனைப் பொடியன்: இயற்கை போட்ட கோடு இப்படி ஆடுமா சேர்?

புவியியல் சேர்: இயற்கை எங்கே போட்டது? நம்ம வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிப்பது மாதிரி அங்கே தண்ணீர் பிரிக்கவில்லை, ஒரே தரை. கிரேக்கர் டொன் ஆற்றை எல்லை என்றார்கள். சைபீரியாவில் கைதியாக இருந்த சுவீடன் படையதிகாரி ஸ்ட்ராலன்பேர்க் 1730இல் அதை யூரலுக்குத் தள்ளி எழுதினார். கசகஸ்தானின் அத்திராவ் நகரில் யூரல் ஆற்றுப் பாலத்தில் ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் ஆசியா என்று எழுதியிருக்கு. யூரலை விட்டுக் கிழக்கே எம்பா ஆற்றைப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கணக்கில் முழு நகரமும் ஐரோப்பா.

கல்முனைப் பொடியன்: எனக்கு இன்னும் நிலக்கணக்குத்தான் நியாயமாகப் படுது. துருக்கியைப் பாருங்க, ஐரோப்பாவில் நூற்றுக்கு மூன்று பங்குதான், அதனால்தானே மேற்கு ஆசியா.

புவியியல் சேர்: ரஷ்யாவுக்குப் பதில் சொல்லிவிட்டு வாங்க.

வாவிக்கரையான்: சரி சேர், "ஐ.நா. பட்டியலின்படி" என்று சேர்த்துக் கேட்கிறேன். மலைக் கேள்வியும் எழுதி வைத்திருந்தேன், அதைத் தூக்கியாச்சு.

ஏறாவூர் உம்மா: அப்ப புள்ளியைத் திருப்பிக் கேட்கலாமா கேட்கேலாதா?