புதுப்பிப்பு: கவுன்டர் திரையின் சலுகைக் காட்சி

"ஒலியில்லாமல் சுழலும் 40 விநாடி சலுகை வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதினேன். வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள், ஆனால் சலுகையை யாரும் கேட்பதில்லை. ஏன்?"

எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னவர் பாதி சரி. தள்ளி நிற்பவருக்கும் படிக்க முடிந்தது, கேட்பவர்கள் மட்டும் கூடவில்லை. ஒருவர் நல்ல பின்னணி இசை பரிந்துரைத்தார், அவருக்கும் நன்றி!

திரை அமைக்கும் தொழிலில் இருப்பவர் சொன்னதுதான் பலித்தது: "பார்ப்பவர் நடுவில்தான் நுழைவார். உங்கள் சலுகை கடைசி 6 விநாடியில் ஒளிந்திருக்கிறது. அது வருவதற்குள் அவர் முறை வந்துவிடும்."

அதனால் கதைபோல நகர்த்துவதை விட்டுவிட்டு, தலா 8 விநாடியில் மூன்று காட்சிகளாகப் பிரித்தேன். எதிலிருந்து பார்த்தாலும் முழு விஷயமும் இருக்கும். 'இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம்' என்ற வரியும், அதன் கீழே 'கவுன்டரில் கேளுங்கள்' என்பதும் மூன்றிலும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கின்றன. மேலே படம் மட்டும் மாறுகிறது. நிதானமாக இருமுறை படிக்க முடிகிறதா என்று வாய்விட்டுப் படித்துத்தான் 8 விநாடியை முடிவு செய்தேன்.

இப்போது விசாரிக்கிறார்கள். ஆனால் வரிசை நீளும்போது ஒருவரே ஐந்தாறு சுற்று பார்க்கிறார், அப்புறம் கைபேசிக்குப் போய்விடுகிறார். காட்சிகளைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா? இன்னும் பிடிபடவில்லை.