டயர் பக்கவாட்டில் வெடிப்பு: எது வரை ஓட்டலாம்?

வேலூர்_வெயில்: கார் எப்போதும் தெருவில்தான் நிற்கும். சாயங்கால வெயில் முழுக்க இடது பக்கம் விழும். மொத்தமே 24,000 கி.மீ. ஓடியிருக்கிறது, ட்ரெட் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இடது டயர்களின் பக்கவாட்டில் மெல்லிய கோடுகள். கடையில் நாலையும் மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் அனுபவம் என்ன?

பாலிஷ்_பாண்டி: எல்லாம் வெயில் செய்யும் வேலைதான். கவர் போடுங்கள், வாரம் ஒருமுறை டயர் பாலிஷ் அடியுங்கள். என் வண்டியில் கோடே தெரியவில்லை.

பழைய_டயர்கடை: வெயில் பாதிக் காரணம்தான். காற்றில் இருக்கும் ஓசோன் நிழலிலும் ரப்பரை வெடிக்க வைக்கும். இதைத் தடுக்கத்தான் ரப்பரிலேயே மெழுகும் வேறு சில ரசாயனமும் கலந்திருப்பார்கள். வண்டி ஓடி டயர் வளைந்து நிமிரும்போது அவை மேலே கசிந்து படியும். நின்றே கிடக்கிற வண்டியில் அது சரியாக நடக்காது. அதனால்தான் குறைவாக ஓடிய காரில் இந்தக் கோடுகளை அதிகம் பார்த்திருக்கிறேன். பெட்ரோலியக் கலவையுள்ள பாலிஷ் அந்த மெழுகையே கரைத்துவிடும். கோடு தெரியவில்லை என்றால் மறைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், பாண்டி.

வேலூர் நண்பரே, டயரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். அப்புறம் டார்ச் அடித்து, கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் மேல்தோல் சமாச்சாரம். நகம் மாட்டினால் ஆழம் இருக்கிறது. உள்ளே நூல் தெரிந்தால் பேச்சே இல்லை, மாற்றிவிட வேண்டும்.

ஓஎம்ஆர்_ஓட்டுநர்: எனக்கும் இதேதான்! குழியில் இறங்கியதும் பக்கவாட்டில் வீங்கிவிட்டது.

பழைய_டயர்கடை: அது வேறு. அடிபட்டு உள் நூல் அறுந்த வீக்கம். வெடிப்பே இல்லாவிட்டாலும் அதை ஓட்டக்கூடாது.

வேலூர்_வெயில்: பார்த்தேன். நாலுமே 2318. இடது முன் டயரில் நகம் மாட்டவில்லை. இடது பின் டயரில் மட்டும் ரிம்மை ஒட்டி ஒரு கோடு, விரல் நீளத்துக்கு வட்டமாகவே ஓடுகிறது. அதில் நகம் மாட்டுகிறது. காற்றும் வாரத்துக்கு 3, 4 பிஎஸ்ஐ இறங்குகிறது.

பழைய_டயர்கடை: சிதறிக் கிடக்கும் சின்னக் கோடுகளைவிட, வளைகிற இடத்தில் வட்டமாக ஓடும் ஒற்றைக் கோடுதான் எனக்குப் பயம். காற்று குறைய வால்வோ ஆணியோகூடக் காரணமாகலாம். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். எப்படியும் அந்த டயர் போகட்டும். பின்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முன் இரண்டை மாதம் ஒருமுறை பார்த்து ஓட்டலாம்.

நெடுஞ்சாலை_நாடோடி: 2018 டயரை வைத்து பைபாஸில் 100-இல் போகச் சொல்கிறீர்களா? நானாக இருந்தால் நாலும் மாற்றுவேன். ஸ்டெப்னியையும்.

பழைய_டயர்கடை: பைபாஸ் ஓட்டம் என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். ஊருக்குள் 40-இல் போகிறவருக்கு அவ்வளவு அவசரம் இல்லை என்பது என் கணக்கு.

வேலூர்_வெயில்: பின் இரண்டுக்குச் சொல்லிவிட்டேன். முன் டயர் விஷயத்தில் வீட்டிலேயே இன்னும் விவாதம் நடக்கிறது.