வீக் பேஸ்லைனைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இயந்திரக் கற்றல் ஆய்வுக்கட்டுரையில் சோதனைப் பகுதியை எப்படிச் சரிபார்ப்பது என்று முதுகலை மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று சொற்களில் நிற்கிறேன்: வீக் பேஸ்லைன், மாதிரியின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் சோதிக்கும் அப்லேஷன், நன்றாக வந்த முடிவை மட்டும் காட்டும் செர்ரி பிக்கிங். முதலாவதுதான் அதிகம் படுத்துகிறது.

"பலவீனமான அடிக்கோடு" என்று எழுதி வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு மாணவி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, "இதில் லீனியர் ரிக்ரெஷனோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், அது எளிய முறை, ஆகவே பலவீனமான அடிக்கோடு" என்று குறித்திருந்தாள். அதே அட்டவணையில் டிரான்ஸ்ஃபார்மர் என்ற பெரிய மாதிரியைக் கையில் கிடைத்த அமைப்பிலேயே, எதையும் சரிசெய்யாமல் ஓட்டிவிட்டு, அதை வென்றதாகவும் எழுதியிருந்தார்கள். உண்மையான வீக் பேஸ்லைன் அதுதான், அது அவள் கண்ணில் படவில்லை. நான் கொடுத்த சொல்தான் அவளைத் தப்பான இடத்துக்குக் கூட்டிப்போனது. நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

மருத்துவர் கௌரி எழுதியது:

பேஸ்லைனுக்கு நாங்கள் "தொடக்கநிலை" என்போம். மருந்து கொடுக்கும் முன் எடுத்த சர்க்கரை அளவு, எடை எல்லாம் அதில் வரும். தொடக்கத்திலேயே நலிந்திருக்கும் நோயாளி என்றால் "நலிந்த தொடக்கநிலை" சரியாக இருக்குமே?

குமரன் எழுதியது:

டாக்டர், இங்கே பேஸ்லைன் என்பது நோயாளியின் நிலை இல்லை. புதிய முறைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடும் இன்னொரு முறை. அதனால் "ஒப்பளவு" என்று வைக்கலாம். வீக் என்றால் பழசு என்றுதான் பொருள். 2024இல் கட்டுரை எழுதிவிட்டு 2015 முறையோடு ஒப்பிட்டால் அது வீக். எனவே "பழைய ஒப்பளவு". அப்லேஷனுக்கு "உறுப்புநீக்கம்" என்பது என் பரிந்துரை.

செந்தில்நாதன் எழுதியது:

"ஒப்பளவு" எனக்குப் பிடித்திருக்கிறது, குமரன். ஆனால் வீக் என்றால் பழசு என்பதில் பாதிதான் உண்மை. பழைய முறையே நன்றாகக் கவனிக்கப்பட்டால் புதியதை முந்திவிடும். பென் ட்ரீபேங்க் என்ற ஆங்கில உரைத் தொகுப்பில் நடந்தது அதுதான்.

அந்தத் தரவில், அடுத்த சொல்லைக் கணிக்கும் மொழி மாதிரிகளை பெர்ப்ளெக்சிட்டி என்ற எண்ணால் அளப்பார்கள், குறைந்தால் நல்லது. 2014இல் எல்எஸ்டிஎம் என்ற வகை நரம்பு வலை ஒன்று, பெரியது, 78.4 எடுத்தது. அதற்குப் பிறகு வந்த புதுப்புது வலைகள் அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே போயின. 2016இல் ரெக்கரன்ட் ஹைவே என்ற வலை 65.4 எடுத்தது. அதே ஆண்டு, கணினியே தேடிக் கண்டுபிடித்த ஒரு வலை அமைப்பு 62.4 எடுத்தது. பார்ப்பவர்களுக்கு எல்எஸ்டிஎம் காலம் முடிந்துவிட்டது என்றே தோன்றும். 2017இல் மெலிஸ், டையர், ப்ளன்சம் மூவரும் சாதாரண எல்எஸ்டிஎம்மை எடுத்து, டிராப்அவுட், லெர்னிங் ரேட் போன்ற பயிற்சி அமைப்புகளைத் தானியங்கித் தேடலில் பொறுமையாகச் சரிசெய்தார்கள். 58.3 வந்தது. 2014இல் இருந்ததைவிடச் சிறிய வலை வேறு.

ஆக, எல்எஸ்டிஎம் பலவீனமாக இருக்கவில்லை. அதைப் போதிய அளவு கவனிக்கவில்லை. வேண்டிய சொல் இந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

குமரன் எழுதியது:

ஒரு மறுப்பு. 2014இல் வேரியேஷனல் டிராப்அவுட் என்ற உத்தி கிடையாது. உள்ளே போகும் சொல் அடுக்கையும் வெளியே வரும் அடுக்கையும் ஒன்றாகக் கட்டும் உத்தியும் கிடையாது. இவற்றைச் சேர்த்துவிட்டு "அதே எல்எஸ்டிஎம்" என்பது எப்படிச் சரி?

செந்தில்நாதன் எழுதியது:

நியாயமான கேள்வி. 2014இல் 78.4 எழுதியவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் ஹைவே வலை அந்த 65.4ஐ எடுத்தது நீங்கள் சொன்ன அந்த இரண்டு உத்திகளையும் வைத்துக்கொண்டுதான். புதிய பிள்ளைக்கு அவற்றைக் கொடுத்தால் பழைய பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் ஒப்பிட்டால், எண் இறங்கியது புதிய வலையாலா உத்தியாலா என்று பிரிக்க முடியாது.

அமுதா எழுதியது:

செந்தில்நாதன் ஐயா "புதிய பிள்ளை, பழைய பிள்ளை" என்று எழுதியதும் எனக்கு ஒரு சொல் வந்தது: சவலை.

எங்கள் ஊரில், அடுத்த குழந்தை வயிற்றில் வந்ததும் தாய்ப்பால் நின்றுபோய் மெலிந்து கிடக்கும் மூத்ததைச் சவலைப்பிள்ளை என்பார்கள். அது பிறவியிலேயே நோஞ்சான் இல்லை. ஊட்டினால் தேறிவிடும். கவனிப்பு புதிதாக வந்ததன் பக்கம் போனதால் மெலிந்த பிள்ளை. நீங்கள் சொன்ன எல்எஸ்டிஎம் கதை இதுவேதான்.

இந்தச் சொல் கலைச்சொல்லாவதும் முதல் தடவை இல்லை. யாப்பில் சவலை வெண்பா என்று உண்டு. இரண்டாம் அடியில் வரவேண்டிய தனிச்சொல் இல்லாமல், நான்கு சீருக்கு மூன்று சீரோடு நிற்கும் வெண்பா. கொடுக்க வேண்டியது ஒன்று கொடுபடாமல் நிற்பது. "சவலை ஒப்பளவு" என்று வைத்தால் என்ன?

"உறுப்புநீக்கம்" வேண்டாம் குமரன், கை காலை எடுப்பது போலக் கேட்கிறது. "கழித்துப் பார்த்தல்" போதும்.

மருத்துவர் கௌரி எழுதியது:

முதல் மடலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். ஆனால் சவலை எனக்குத் தெரிந்த இடம். புரதம் குறைந்து குழந்தைகள் வீங்கிப்போகும் நோய்க்கு மருத்துவத்தில் குவாஷியோர்கர் என்று பெயர். 1930களில் கானாவில் வேலை செய்த சிசிலி வில்லியம்ஸ் அங்குள்ள கா மொழியிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார். அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததுக்கு வரும் நோய் என்றுதான் அதற்குப் பொருள். நோயின் பெயரிலேயே காரணம் இருப்பது எவ்வளவு உதவி என்று எனக்குத் தெரியும். தாயிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதிலேயே இருக்கிறது. என் ஓட்டு சவலைக்கு.

நிரோஷன் எழுதியது:

வணக்கம், நான் ஆய்வு மாணவன். சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. என்னிடம் ஒரே ஒரு ஜிபியு. ஒரு ஓட்டத்துக்கு 4 நாள். ஒப்பளவுகளின் எண்களைப் பழைய கட்டுரைகளிலிருந்து எடுத்துத்தான் அட்டவணை போட்டேன். ஒவ்வொன்றையும் ஊட்டி வளர்க்க என்னால் எப்படி முடியும்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஒரு ஓட்டத்தோடு நிறுத்துவதில் தப்பு என்ன?

செந்தில்நாதன் எழுதியது:

தம்பி நிரோஷன், முழுதாக ஊட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அளவு ஊட்டினாயா என்பதே கேள்வி. உன் முறைக்கு 5 அமைப்புகளை முயன்றாய் என்றால் ஒப்பளவுக்கும் 5. அந்த எண்ணைக் கட்டுரையில் எழுதிவிடு. சின்ன கணக்கு என்பது குறை இல்லை.

நான் சரிபார்த்த ஒரு கட்டுரையைச் சொல்கிறேன். புதிய முறை 84.1 புள்ளி, ஒப்பளவு 82.3. 1.8 வித்தியாசம், பார்க்க நன்றாக இருந்தது. பின்னிணைப்பைப் புரட்டினால், தங்கள் முறைக்கு 6 லெர்னிங் ரேட், 3 டிராப்அவுட் என்று 18 அமைப்புகளை முயன்றிருந்தார்கள். ஒப்பளவின் எண் மூலக் கட்டுரையிலிருந்து அப்படியே வந்தது. அதே 18ஐ ஒப்பளவுக்கும் ஓட்டிப் பாருங்கள் என்று கேட்டேன். ஓட்டினார்கள், 83.7 வந்தது. 1.8 என்பது 0.4 ஆகிவிட்டது.

அப்புறம் அந்த 0.4. இங்கேதான் உன் பழமொழி வருகிறது. ஒரு பானைச் சோறு ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது, அதனால் ஒரு சோறு பதம் சொல்லும். இங்கே பயிற்சியின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றினாலே விடை மாறும். 2018இல் ஹெண்டர்சன் குழு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் கற்றலில் ஒரே முறையை, ஒரே அமைப்பில், சீட் மட்டும் மாற்றி 10 தடவை ஓட்டியது. அதை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சராசரி எடுத்தால் இரண்டு வெவ்வேறு முறைகள் போலத் தெரிந்தது.

பத்து ஓட்டத்தில் சிறந்ததை மட்டும் காட்டினால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். உண்மைச் சராசரி 82.0, சீட்டால் வரும் ஆட்டம் 0.4 என்று வைத்துக்கொள்:

```python
import numpy as np
r = np.random.default_rng(0)
x = r.normal(82.0, 0.4, size=(10000, 10))
print(x.max(axis=1).mean())
```

ஏறக்குறைய 82.6 வரும். முறையில் எதையும் மாற்றாமலே 0.6 ஏறிவிட்டது. அதனால்தான் அந்தக் கட்டுரையில் மீதி 0.4ஐ நான் நம்பவில்லை. எத்தனை ஓட்டம், சராசரியா சிறந்ததா என்று அவர்கள் எழுதவில்லை.

குமரன் எழுதியது:

சரி, வீக் என்றால் பழசு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கழித்துப் பார்த்தல் பற்றி: ஒவ்வொரு பகுதியாக எடுத்துவிட்டு எண் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால் எது முக்கியம் என்று தெரிந்துவிடும். அது எளிதுதானே?

செந்தில்நாதன் எழுதியது:

அதிலும் சவலை ஒளிந்திருக்கிறது. அதே கட்டுரையில் ஒரு நார்மலைசேஷன் அடுக்கைக் கழித்ததும் 2 புள்ளி விழுந்தது, ஆகவே அதுதான் உயிர் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் கழித்த பிறகும் பழைய லெர்னிங் ரேட்டையே வைத்திருந்தார்கள். அந்தக் கற்றல் வேகம் அந்த அடுக்கு இருந்தால்தான் தாங்கும். வேகத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டியதும் 0.3தான் விழுந்தது. கழித்த மாதிரியும் ஒரு ஒப்பளவுதான், அதற்கும் ஊட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அட்டவணையில் "கழித்தபின் சீராக்கியது" என்று ஒரு வரி இருக்கிறதா என்று மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள்.

மலர்விழி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. "சவலை ஒப்பளவு", "கழித்துப் பார்த்தல்" இரண்டையும் கையேட்டில் வைத்துவிட்டேன். சவலைக்குக் கீழே மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வியாக, "இரண்டுக்கும் எத்தனை அமைப்புகள் முயன்றார்கள்?" என்று ஒரே வரி. அந்த மாணவியிடம் பழைய கட்டுரையை மறுபடி கொடுத்தேன். இந்த முறை நேராகப் பின்னிணைப்புக்குப் போனாள்.

செர்ரி பிக்கிங்குக்கு இன்னும் சொல் இல்லை. "பொறுக்கியெடுத்தல்" என்று எழுதினால் நெல்லில் கல் பொறுக்குவது போல நல்ல வேலையாகத் தொனிக்கிறது.

அமுதா எழுதியது:

"காட்டுக்கதிர்" என்று யோசித்தேன். வயலில் நன்றாக விளைந்த ஒரு கதிரை மட்டும் பறித்து வந்து காட்டி விளைச்சல் பேசுவது என்ற பொருளில். ஆனால் காடு என்று படித்துவிடுவார்கள்.

குமரன் எழுதியது:

ஆமாம், நானே காட்டில் விளைந்த கதிர் என்றுதான் படித்தேன். "சிறந்ததுமட்டும் காட்டல்" நீளம், ஆனால் தவறாகப் புரியாது.

அமுதா எழுதியது:

நீளமானது வாயில் நிற்காது, குமரன். இன்னும் தேடுவோம்.

நிரோஷன் எழுதியது:

சொல் கிடைக்கும்வரை ஒரு செய்தி. என் அட்டவணையில் முக்கியமான ஒப்பளவு ஒன்றுக்கு மட்டும் என் முறைக்குக் கொடுத்த அதே 5 அமைப்புகளைக் கொடுத்து நேற்று இரவு ஓடவிட்டேன். 20 நாள் ஆகும். வந்ததும் எண்ணை இங்கேயே எழுதுகிறேன், எப்படி வந்தாலும்.