கப் தோட் தியா: யாருக்காக உடைத்தான்?

தயிர்சாதம்: இந்தி படிக்கிறவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். வினைக்குப் பின்னால் லேனா வந்தால் தனக்காக, தேனா வந்தால் அடுத்தவருக்காக, ஜானா வந்தால் வேலை முடிந்தது. 'பட் லோ' என்றால் நீ படித்துக்கொள். 'பட் தோ' என்றால் எனக்குப் படித்துக் கொடு. தமிழில் இருக்கிற கொள், கொடு, போ மூன்றும் அப்படியே அங்கே இருக்கின்றன. இதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ரயிலடி: போன மாதம் 'நே' இழையிலும் இப்படித்தான் 'ஒரே வரி' என்று ஆரம்பித்து நாற்பது பதிவு ஓடவிட்டீர்கள். சரி, ஒரே ஒரு கேள்வி. பையன் மேசையிலிருந்து கப்பைத் தள்ளி உடைத்துவிட்டான். வீட்டில் என்ன சொல்வார்கள்? 'உஸ்னே கப் தோட் தியா.' தியா, தேனாதான். யாருக்காக உடைத்தான்? எந்த அடுத்தவருக்கு உதவி செய்தான்?

தயிர்சாதம்: அது விதிவிலக்கு.

ரயிலடி: விதிவிலக்கா? ஜலா தியா, ஃபேங்க் தியா, பேச் தியா, மார் தியா. எரித்தான், எறிந்தான், விற்றான், கொன்றான். தினம் நூறு முறை சொல்கிற சொற்களெல்லாம் உங்களுக்கு விதிவிலக்கு. கொலை செய்தவன் யாருக்கு உபகாரம் செய்தான்? நான் மறுபடியும் கேட்கிறேன், கப்பை யாருக்காக உடைத்தான்?

பிரவீண்பாதி: ரயிலடி ஐயா, கோபப்படாமல் கேளுங்கள். நான் பரீட்சைகள் வரிசையாக எழுதி விஷாரத் வரை வந்தவள். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் தயிர்சாதம் சொன்னதுதான். லேனா தனக்கு, தேனா பிறர்க்கு. 'சாய் பனா லோ', 'சாய் பனா தோ'. தவறென்றால் இத்தனை பேர் எப்படிப் பாஸ் பண்ணினோம்?

ரயிலடி: அம்மா, பாஸ் பண்ணுவதற்கு அது போதும். அலகாபாத்தில் பதினான்கு வருஷம் கடையில், ஆபீஸில், வாடகை வீட்டில் காலம் தள்ளுவதற்குப் போதாது. சாய் உதாரணம் சரிதான், நான் மறுக்கவே இல்லை. டீ போட்டால் யாராவது குடிப்பார்கள், அதனால் அங்கே 'யாருக்காக' என்ற கேள்வி தானாக வருகிறது. கப்பில் வராது. இரண்டுக்கும் பொதுவானது என்ன என்று பாருங்கள். தேனா வந்தால் செயல் செய்தவனிடமிருந்து வெளியே போகிறது. லேனா வந்தால் செய்தவன் பக்கமே திரும்பி வருகிறது. வெளியே போனது சில சமயம் ஒருவருக்கு நல்லதாக முடியும், சில சமயம் கப் உடையும்.

லேனாவில் 'தனக்காக' என்பதும் பாதிதான். ஒருத்தன் விழுந்து காலை முறித்துக்கொள்கிறான். 'உஸ்னே அப்னீ டாங் தோட் லீ.' லீ, லேனாதான். இதில் அவனுக்கு என்ன லாபம்? தமிழிலும் 'காலை உடைத்துக்கொண்டான்' என்றுதான் சொல்கிறோம். நீங்களே முதல் பதிவில் 'மண்டையை உடைத்துக்கொள்ள' என்று எழுதியிருக்கிறீர்கள். மண்டை உடைந்தால் உங்களுக்கு லாபமா?

தயிர்சாதம்: என் மண்டையை விடுங்கள். பட் தோ என்றால் படித்துக் கொடு. இதில் தப்பு இருக்கிறதா, இல்லையா? அதற்குப் பதில் வரவில்லை.

ரயிலடி: 'படித்துக் காட்டு' என்பதுதான் தமிழ். படித்துக் கொடு என்று எந்தப் பாட்டி சொல்லுவாள்? கடிதம் வந்தால் 'கொஞ்சம் படிச்சுக் காட்டுப்பா' என்பாள். அப்புறம், கப் தோட் தியாவை உங்கள் கணக்குப்படி மொழிபெயர்த்தால் 'கப்பை உடைத்துக் கொடுத்தான்' என்று வரும். அது தேங்காய்க்குச் சரி. கப்புக்குத் தமிழ் 'உடைத்துவிட்டான்'. 'அக்ரோட் தோட் தோ' என்று ஒருத்தர் கேட்டால் அங்கே அக்ரூட் கொட்டையை உடைத்துக் கொடு என்றே அர்த்தம். அதே தோட், அதே தேனா. ஒன்றுக்குத் தமிழில் 'கொடு', இன்னொன்றுக்கு 'விடு'. 'அப்படியே அங்கே இருக்கின்றன' என்றீர்களே, இருக்கிறதா?

சுண்டல்: நடுவில் என் கதையையும் போட்டுக்கொள்கிறேன். கான்பூரில் ஹாஸ்டலில் இருந்தபோது மெஸ் அண்ணா 'உன் ரூம்மேட் எங்கே' என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான் என்று சொல்ல நினைத்து, தமிழை அப்படியே போட்டு 'வோ கானா கா கயா' என்றேன். மனுஷர் பாத்திரத்தைத் திறந்து எட்டிப் பார்த்தார், எனக்கு ஏதாவது மிச்சம் வைத்தானா என்று. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. கயா, ஜானாவின் இறந்தகாலம்தான். கயா என்றால் போனான்தானே?

கோலப்பொடி: கானா கா கயா என்றால் பாட்டுப் பாடிவிட்டுப் போனான். பாத்திரத்தை ஏன் பார்க்க வேண்டும்?

சுண்டல்: பாட்டு இல்லைங்க, சாப்பாடு.

கோலப்பொடி: 'கா' என்றால் பாடு. கானா என்றால் பாட்டு. என் பக்கத்து வீட்டில் பிகார் குடும்பம் இருக்கிறது, எனக்குத் தெரியும். முதலில் எழுத்தைச் சரியாக எழுதுங்கள், அப்புறம் இலக்கணம் பேசலாம்.

ரயிலடி: தமிழில் நான்கு ககரத்துக்கும் ஒரே 'க'தான், கோலப்பொடி. பாடுவதும் 'கா', தின்பதும் 'கா'. இந்த இழையில் பாட்டுக்கு இடமில்லை, எல்லாம் தின்கிற 'கா'தான்.

சுண்டல், உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது 'கா கர் சலா கயா', தின்றுவிட்டுக் கிளம்பினான். நடுவில் அந்த 'கர்' வந்தால்தான் இரண்டு வேலை. தமிழில் 'சாப்பிட்டு' என்று எச்சம் வருகிற மாதிரி. 'கர்' இல்லாமல் வெறும் கா மேல் ஜானாவைப் போட்டால் போவது என்ற அர்த்தம் ஆவியாகிவிடும். 'கா கயா' என்றால் ஒன்று விடாமல் தின்று தீர்த்துவிட்டான். பேராசை, திருட்டுத்தனம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். காசைத் தின்றவனையும் 'பைசே கா கயா' என்பார்கள். அதனால்தான் அவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

நம் ஆட்கள் எல்லோரும் விழுகிற குழி இதற்கு அடுத்தது. தட்டில் இருந்த மிட்டாய் எல்லாவற்றையும் அவன் தின்றான். லேனா போட்டால்: 'உஸ்னே சாரீ மிட்டாயீ கா லீ.' ஜானா போட்டால்: 'வோ சாரீ மிட்டாயீ கா கயா.' முதலாவதில் செய்தவனோடு ஒட்டுகிற 'நே' இருக்கிறது, வினை மிட்டாயைப் பார்த்துப் பெண்பாலாக லீ ஆகிவிட்டது. இரண்டாவதில் 'நே' காணாமல் போய்விட்டது, வினை தின்றவனைப் பார்க்கிறது. அவள் தின்றிருந்தால் 'கா கயீ'. தின்ற பொருள் அதேதான், தின்பது இரண்டிலும் செயப்படுபொருள் குன்றாத வினைதான். ஆனாலும் பின்னால் வருகிற சின்ன வினைதான் வாக்கியத்தை ஆள்கிறது. 'உஸ்னே கா கயா' என்று நீங்கள் சொன்ன அந்த நொடியே, தெற்கிலிருந்து வந்தவர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிரவீண்பாதி: இதைப் புத்தகத்திலேயே ஒரு வரி போட்டிருக்கிறார்கள். நீங்கள் கண்டுபிடித்த மாதிரி எழுதாதீர்கள். இன்னொரு விதியும் உண்டு. இந்த இரட்டை வினைகள் இல்லை என்கிற 'நஹீம்' கூட வராது. 'மைனே கா லியா' உண்டு, 'மைனே நஹீம் கா லியா' கிடையாது, 'நஹீம் காயா' என்று ஒற்றையாகத்தான் வரும். இதையும் மறுப்பீர்களா?

ரயிலடி: பாதி மறுக்கிறேன். நேராக நடக்கவில்லை என்று சொல்லும்போது நீங்கள் சொன்னது சரி. ஆனால் தில்லியில் பயணம் கிளம்புகிற பிள்ளைக்கு அம்மா என்ன சொல்லுவாள்? 'பூல் மத் ஜானா', மறந்துவிடாதே. 'மத்' நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. 'ஜப் தக் வோ ஆ நஹீம் ஜாதா', அவன் வந்து சேரும்வரை, இதிலும் நஹீம். ஆகிவிடுமோ என்ற பயம், ஆகிறவரை என்ற காத்திருப்பு, இங்கெல்லாம் வரும். 'வராது' என்று பட்டென்று எழுதுகிறவர்கள் பரீட்சைத் தாளை மட்டும் பார்த்தவர்கள்.

பிரவீண்பாதி: பரீட்சை எழுதினவர்களைக் கிண்டல் செய்வதே உங்கள் வேலையாகிவிட்டது. அலகாபாத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தி சொந்தமா?

தயிர்சாதம்: கேளுங்கள் நன்றாக. சரி, ரயிலடி, உங்கள் 'வெளியே, உள்ளே' கணக்குக்கே வருகிறேன். 'வோ ஹன்ஸ் தியா' என்கிறார்கள், சிரித்துவிட்டான். 'வோ சல் தியா', கிளம்பிவிட்டான். சிரிப்பு எங்கே வெளியே போனது? நடந்தவன் எதை வெளியே அனுப்பினான்?

ரயிலடி: முதல் தடவையாக உருப்படியான கேள்வி. சிரிப்பு வெளியேதானே வெடிக்கும்? ரோ தேனா, ஹன்ஸ் தேனா இரண்டும் அடக்க முடியாமல் சட்டென்று வெளிப்பட்டது. 'ரோ லேனா' என்றால் அழுது தீர்த்துக்கொள்வது, மனசு லேசாவது. ஒரே அழுகை, ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தயிர்சாதம்: சல் தியா?

ரயிலடி: கிளம்புவது இருந்த இடத்தை விட்டு வெளியே.

தயிர்சாதம்: அப்படியானால் 'நிகல் கயா' ஏன்? வெளியேறுவது என்றாலே அதுதானே? அங்கே தியா இல்லையே, ஜானா ஏன் வந்தது? இழுத்து இழுத்து ஒட்டவைக்கிறீர்கள். என் 'அடுத்தவருக்காக' கப்பில் உடைந்தால், உங்கள் 'வெளியே' நிகல்னாவில் உடைகிறது.

ரயிலடி: எந்த முதல் வினைக்கு எந்தத் துணை ஒட்டும் என்பதைப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குச் சூத்திரம் கிடையாது. ஒட்டினபின் என்ன சேர்க்கிறது என்பதைத்தான் நான் பேசுகிறேன். 'சமஜ் கயா', 'சமஜ் லியா' பாருங்கள். ஒன்று புரிந்துபோச்சு, இன்னொன்று புரிந்துகொண்டேன். தமிழன் இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே உணர்வான். உங்கள் ஒரே வரி வந்து அதைக் கெடுக்கிறது. கப் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

தயிர்சாதம்: நீங்களே தமிழில் அப்படியே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நான் முதலில் சொன்னதே அதுதான்.

ரயிலடி: நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? 'விடு'வுக்கு இந்தியில் ஒரே ஆள் இல்லை, மூன்று பேர் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உடைந்துவிட்டது 'டூட் கயா', உடைத்துவிட்டான் 'தோட் தியா', சாப்பிட்டுவிட்டேன் 'கா லியா'. தமிழிலிருந்து போகிறவன் தடுமாறுவது இங்கேதான். இதை உங்கள் வரியில் எங்கே வைப்பீர்கள்?

கோலப்பொடி: பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டேன். 'கா கயா' என்றால் தின்று தீர்த்தான் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் எழுத்து தப்பு, அதில் நான் மாறமாட்டேன்.

தயிர்சாதம்: கப் கப் என்று உயிரை வாங்குகிறீர்கள். புதுக் கப் வாங்கிக்கொள்ளுங்கள். 'கரீத் லோ.' அதுவாவது தனக்காகத்தானே?

ரயிலடி: மகனுக்குப் புத்தகம் வாங்கினாலும் 'பேட்டே கே லியே கிதாப் கரீத் லீ' என்று தாராளமாகச் சொல்வார்கள். புத்தகம் மகனுக்கு, லேனா அப்பாவுக்கு. எழுதுங்கள் அடுத்த விதிவிலக்கு.

சுண்டல்: சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். பேப்பர் போடுகிற பையன் பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போனால் 'அக்பார் தே கயா' என்கிறார்கள், நடுவில் கர் இல்லை. ஆனால் அவன் நிஜமாகவே போகிறான். கர் இல்லாவிட்டால் போவது ஆவியாகிவிடும் என்று ரயிலடி சொன்னாரே, இங்கே ஏன் ஆகவில்லை?

தயிர்சாதம்: ஆமாம், சொல்லுங்கள் ரயிலடி.

பிரவீண்பாதி: சொல்லுங்கள், காத்திருக்கிறோம்.

ரயிலடி: தே ஜானா, லே ஜானா, சோட் ஜானா இவை வேறு ஜாதி. அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே முதலில் கப்புக்குப் பதில் வரட்டும்.