அம்மா போன் எதை வாசிக்கணும், எதை வாசிக்கக் கூடாது?

மதுரைக்காரி: அம்மாவுக்கு 68 வயசு. மாகுலா தேய்மானம். நடுப்பார்வை போயிடுச்சு, ஓரத்துல ஆள் அசையறது தெரியும். ஆண்ட்ராய்டு போன். மெசேஜ் வந்ததும் அதுவே சத்தமா வாசிக்கணும், ஆனா வர்றதையெல்லாம் வாசிக்கக் கூடாது. எப்படிச் செய்யறது?

கோவை செல்வம்: இதுக்கு எதுக்குத் தனி வழி? டாக்பேக் போனிலேயே இருக்கு. Settings-ல Accessibility-க்குள்ள போய் ஆன் பண்ணுங்க. திரையில இருக்கறதையெல்லாம் வாசிக்கும்.

மதுரைக்காரி: அதைத்தான் முதல்ல போட்டேன். ரெண்டு நாள்தான் தாங்குச்சு. அது ஆன்ல இருந்தா ஒரு தட்டு தட்டினா பேரைச் சொல்லும், இன்னொரு முறை ரெட்டைத் தட்டு தட்டினாத்தான் திறக்கும். ரெண்டு விரல் வெச்சாத்தான் மேலே கீழே நகரும். பேரன் போட்டோவை அம்மா பத்து வருஷமா ஒரே தட்டுல திறந்து, முகத்தை ஒருபக்கமா சாய்ச்சுப் பார்ப்பாங்க. அது முடியலைன்னதும் போனை பீரோவுக்குள்ள வெச்சுட்டாங்க.

நெல்லை விழியன்: நான் முழுப் பார்வையற்றவன். ஒன்பது வருஷமா டாக்பேக்தான். அது கஷ்டம்னு யாராவது சொன்னா ஒத்துக்க மாட்டேன், ஒரு மாசம் பழகினா கை தானா போகும். ஆனா உங்க அம்மாவுக்கு அது வேண்டாம். மிச்சம் இருக்கிற பார்வையை வெச்சு வேலை நடக்குது, அதைப் பிடுங்கக் கூடாது.

உங்களுக்கு வேண்டியது நோட்டிஃபிகேஷனை மட்டும் காதுல போடுற ஆப். Voice Notify-னு ஒண்ணு இருக்கு, இலவசம். நிறுவினதும் Notification access கேட்கும், கொடுங்க. பிளே ஸ்டோர்ல இல்லாம வெளியில இருந்து கோப்பா இறக்கினா, ஆண்ட்ராய்டு 13-ல இருந்து அந்த அனுமதி சாம்பல் நிறத்துல தடுத்து நிற்கும். App info-ல மூணு புள்ளியைத் தொட்டு Allow restricted settings கொடுத்தாத்தான் நகரும்.

அப்புறம் Text-to-speech output-ல தமிழ்க் குரலை இறக்கிடுங்க. கடைசியா ஆப் பட்டியலுக்குப் போய் எல்லாத்தையும் எடுத்துட்டு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் ரெண்டை மட்டும் விடுங்க. பேட்டரி அனுமதியில Unrestricted வெக்க மறந்துடாதீங்க. பல போன்கள்ல ராத்திரியில பின்னாடி ஓடுற ஆப்பைக் கொன்னுடும். வெச்சதும் நல்லா வாசிச்சு, மறுநாள் காலையில ஊமையா இருந்தா காரணம் அதுதான். திரையைப் பூட்டி ஒரு மணி நேரம் கழிச்சு வேற போன்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்க.

ஓய்வு ஆசிரியர்: எனக்கும் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. யார் கூப்பிடறாங்கன்னு பேரைச் சொல்ற மாதிரி பையன் வெச்சுக் கொடுத்தான். கூகுளோட போன் ஆப்ல, Settings-ல Caller ID announcement, அதுல Always. இதைச் செய்யுங்கம்மா.

மதுரைக்காரி: ஐயா, நான் கேட்டது மெசேஜுக்கு. ஆனா இதுவும் வெச்சுட்டேன். அம்மா சந்தோஷப்பட்டாங்க.

விழியன் சார், நீங்க சொன்னபடி செஞ்சேன், வாசிக்குது. ஆனா இன்னிக்கு ஒரே நாள்ல வந்த கடன், ரீசார்ஜ் விளம்பரத்தைக் கேட்டுக் கேட்டு அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க.

ஆவடி ராஜன்: அது சுலபம். 2025-லிருந்து எஸ்எம்எஸ் அனுப்பறவங்க பேருக்குப் பின்னால ஒரு எழுத்து வருது, பார்த்தீங்களா? P-ன்னா விளம்பரம், S-ன்னா சேவை, T-ன்னா பரிவர்த்தனை, G-ன்னா அரசாங்கம். வாசிக்க வேண்டாத சொற்கள் பட்டியல்ல `-P` போட்டுடுங்க, விளம்பரம் மொத்தமும் வாயை மூடிடும்.

நெல்லை விழியன்: ராஜன் தம்பி, எழுத்து விவரம் சரி. வடிகட்டுறது தப்பாப் போகும். அந்தப் பட்டியல் எழுத்துத் துண்டைத்தான் தேடும், கடைசியில இருக்கா நடுவுல இருக்கான்னு பார்க்காது. அனுப்பறவர் பேரே P-யில ஆரம்பிச்சா என்ன ஆகும்?

```
VM-PQRSTU-S
```

இது சேவை மெசேஜ்தான். ஆனா நடுவுலயே `-P` இருக்கு, அதனால வாசிக்காது. நான் `T&C` போட்டு வெச்சிருக்கேன். விளம்பரத்தோட வாலில் பெரும்பாலும் அது ஒட்டிக்கிட்டு வரும், வங்கிப் பண விவரத்துல அபூர்வம். `loan` மட்டும் போடாதீங்க. நான் போட்டு, தவணை கட்டச் சொன்ன எஸ்எம்எஸ் காதுல விழாமலே போச்சு. எந்தச் சொல் போட்டாலும் பத்து நாள் வரைக்கும் சாயங்காலம் ஒரு தடவை இன்பாக்ஸைத் திறந்து, வாசிக்காம விட்டது எதுன்னு நீங்க பார்த்துடுங்க.

மதுரைக்காரி: வாட்ஸ்அப் குழுக்களுக்கு?

நெல்லை விழியன்: வாசிக்க வேண்டாத குழுவை Archive பண்ணிடுங்க. வாட்ஸ்அப்ல Keep chats archived ஆன்ல இருந்தா புது மெசேஜ் வந்தாலும் நோட்டிஃபிகேஷன் வராது. அம்மாவோட பேரைக் குறிப்பிட்டோ அவங்க மெசேஜுக்குப் பதிலாவோ எழுதினா மட்டும் வரும். படமும் குரல் பதிவும் வாசிக்க ஒண்ணுமில்லாம "போட்டோ", "வாய்ஸ் மெசேஜ்"னுதான் சொல்லும், அதை அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

இன்னொண்ணு, வீட்டுல எல்லாரும் தமிழை ஆங்கில எழுத்துல அடிப்பீங்கன்னு நினைக்கிறேன். "Amma saptiya, naan 7 manikku varen" இதைத் தமிழ்க் குரல் கடிச்சுக் குதறிடும். குடும்பம் முழுக்கத் தமிழ் எழுத்துல அடிக்கப் பழகணும். அமைப்பை எவ்வளவு திருத்தினாலும் இது இல்லாம அம்மாவுக்குப் புரியாது.

கோவை செல்வம்: எனக்கு ஒண்ணு உறுத்துது. பஸ்ல போகும்போது அந்தம்மா போன் "உங்கள் கணக்கில் இவ்வளவு இருக்கு"ன்னு ஊருக்கே சொல்லணுமா? ஓடிபி வேற. நான் வங்கி மெசேஜ் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்வேன்.

நெல்லை விழியன்: ஸ்பீக்கர்ல வேண்டாம்னா இயர்போன் மாட்டினா மட்டும் வாசிக்கற மாதிரி வெக்கலாம். இரவு பத்துல இருந்து காலை ஆறு வரை பேசாத நேரமும் போடலாம். நிறுத்தணும்னா போனைக் குலுக்கினா போதும், அதுக்கும் வழி இருக்கு.

ஓடிபி விஷயம் வேற. ஆண்ட்ராய்டு 15-ல இருந்து, இந்த மாதிரி ஆப்களுக்கு ஓடிபி இருக்கற நோட்டிஃபிகேஷனோட உள்ளடக்கத்தை போனே மறைச்சுடுது, திருட்டு ஆப்களைத் தடுக்க. அம்மாவுக்கு வேணும்னா மெசேஜைத் திறந்து Select to Speak-ஐத் தொட்டுக் கேட்கலாம். அது அவங்க கேட்டா மட்டும் வாசிக்கும், தட்டற பழக்கத்தையும் மாத்தாது.

மதுரைக்காரி: நான் வங்கி எஸ்எம்எஸ்ஸை நிறுத்திடலாம்னு நினைச்சேன். என்கிட்ட வந்தா நான் பார்த்துக்குவேன்.

நெல்லை விழியன்: இதை மட்டும் ஒத்துக்க மாட்டேன், அம்மா. என் காசு எவ்வளவுன்னு இன்னொருத்தர் வாயிலதான் கேட்கணும்னு ஒரு காலத்துல இருந்தேன். அவங்க பென்ஷன் வந்துச்சுன்னு அவங்க போன் அவங்களுக்குச் சொல்லணும். எதை நிறுத்தலாம்னு அவங்களையே கேட்டுப் பாருங்க.

கோவை செல்வம்: மோசடிக்காரன் லிங்க் அனுப்பினா, "உங்கள் மின் இணைப்பு இன்று இரவு துண்டிக்கப்படும்"னு அதையும் நல்ல குரல்ல வாசிக்குமே சார். கண்ணால பார்த்தா எழுத்துப் பிழையாவது தெரியும். காதுல கேட்டா எல்லாமே அதிகாரபூர்வமாத்தான் கேட்கும்.

நெல்லை விழியன்: அது உண்மைதான். அதுக்கு என்கிட்டயும் முழுத் தீர்வு இல்லை. வாசிக்கும்போது அனுப்பினவர் பேரையும் முதல்ல சொல்ற மாதிரி வெச்சிருக்கேன். பத்து இலக்க எண்ணைச் சொல்லி "மின் இணைப்பு"ன்னு ஆரம்பிச்சா நான் நம்ப மாட்டேன். புதுசாப் பழகறவங்களுக்கு அந்த வித்தியாசம் பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும்.

மதுரைக்காரி: அம்மாகிட்ட கேட்டேன். பென்ஷன், பால்காரர், என் தம்பி மூணும் வாசிக்கணுமாம். கோயில் குழு வேண்டாம்னு நான் எடுத்ததுக்குத்தான் கோபம், அதுல பூஜை நேரம் வருமாம். அந்த ஒண்ணை மட்டும் Archive-ல இருந்து திரும்ப எடுத்துட்டேன். மின்வாரிய மோசடி மெசேஜுக்கு என்ன சொல் போட்டுத் தடுக்கலாம்னு யாருக்காவது தோணினா எழுதுங்க.